ஆறு தாள்கள்

“அங்கிள், கூரை எல்லாருக்கும் பொதுன்னு சொல்றீங்க. அப்ப மழை மட்டும் ஏன் எங்க வீட்டுக்கு?”

நான்காவது மாடியில் இருக்கும் சாயிரா பானுவின் மகள் ஜரீனா கேட்ட கேள்வி இது. கேட்கும்போது அவளுக்கு எட்டு வயது. படிக்கட்டில் நின்று, நனைந்த பள்ளிப் புத்தகங்களைக் கைப்பிடிச் சுவரில் ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல வேண்டியவர் அருளானந்தம். அவர்தான் கட்டடத்தின் நிர்வாகக் குழுச் செயலாளர், சம்பளம் இல்லாத வேலை. அவர் குடையைச் சுருக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

ரேஸ்கோர்ஸ் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும், கீழ்த்தளத்தையும் சேர்த்து நான்கு மாடிக் கட்டடம் அது. மாடிக்கு ஆறாக இருபத்துநான்கு வீடுகள், எல்லாம் ஒரே அளவு. லிஃப்ட் கிடையாது. வீடு அவரவருக்குச் சொந்தம். கூரையும் படிக்கட்டும் தண்ணீர்த் தொட்டியும் எல்லாருக்கும் பொது. பராமரிப்புக்கு வீட்டுக்கு மாதம் முப்பது வெள்ளி, அதாவது டாலர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டும்.

கூரை ஒழுகுவது 1984ஆம் ஆண்டுக் கூட்டத்துக்கு முன்பே தெரிந்த சங்கதி. அந்தக் கூட்டத்திலேயே பழுதுபார்க்க முடிவெடுத்திருக்கலாம். எடுக்க முடியாமல் போனதற்குக் காரணம் தான்தான் என்பதை அருளானந்தம் அறிவார். முப்பத்தெட்டு வரிகளில் கணக்கு எழுதி ஒவ்வொரு வரியாக வாசித்தார். பன்னிரண்டாவது வரி, படிக்கட்டு பல்பு, நாற்பத்தாறு வெள்ளி.

“நாப்பத்தாறு வெள்ளிக்கு பல்பா? தங்கத்துலயா செஞ்சிருக்கு?” என்று கீழ்த்தளத்துப் பூவம்மா எழுந்தார். சிராங்கூன் ரோட்டில் பூமாலைக் கடை வைத்திருப்பவர். அவருடைய குரல் கடைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் சேர்த்துப் போதும். பல்பில் தொடங்கிய சண்டை இரண்டு மணி நேரம் ஓடியது. பத்தொன்பது வீட்டுக்காரர்களாகத் தொடங்கிய கூட்டம், கூரை என்ற தலைப்புக்கு வரும்போது ஆறாகிவிட்டது. குறைந்தது எட்டுப் பேர் இல்லாமல் ஓட்டெடுக்க முடியாது. கூட்டம் கலைந்தது. டிசம்பர் மழையில் சாயிராவின் அறையில் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. ஜரீனா அப்போது பள்ளியில் இருந்தாள். ஆண்டவர் காப்பாற்றினார் என்று அருளானந்தம் ஜெபித்தார். ஜெபிக்கும்போதே வெட்கமாக இருந்தது.

இப்போது 1985, செப்டம்பர். பொறியாளர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து உப்பத் தொடங்கிவிட்டது. அடுத்த மழைக்காலத்துக்கு முன் செய்யாவிட்டால் விழப்போவது பூச்சு மட்டும் இல்லை.

இந்த ஆண்டுக் கூட்டத்துக்காக அருளானந்தம் மாதாகோயில் ஞாயிறு வகுப்பிலிருந்து புரொஜெக்டரையும், எழுதியதைத் திரையில் காட்ட ஆறு பிளாஸ்டிக் தாள்களையும் இரவல் வாங்கிவந்தார். வகுப்பில் மிச்சம் இருந்ததே ஆறுதான்.

“போன வருஷம் பண்ணின தப்ப இந்த வருஷமும் பண்ணாதீங்க,” என்றாள் மனைவி மதலேனா. “கூரைய முதல்ல வைங்க. கணக்கு கடைசில இருக்கட்டும்.”

அவரும் அப்படியே அடுக்கினார். பொருளாளர் ஜமால் முகம்மது வந்து பார்த்து மறுப்பாகத் தலையை ஆட்டினார். மிளகாய், மல்லி மொத்த வியாபாரி அவர்.

“வேண்டாம் அருளு. நோட்டீஸ்ல கணக்கு முதல்லன்னு போட்டு ரெண்டு வாரம் முன்னாடியே எல்லாருக்கும் அனுப்பியாச்சு. கூட்டம் சம்மதிச்சா மாத்தலாம், சரி. ஆனா கணக்க பின்னால தள்ளினா, ‘எங்கடா காசு’ன்னுதான் முதல் கேள்வி வரும். நீ கூரையப் பத்திப் பேசுவ, அவங்க கணக்கயே நினைச்சிட்டு உக்காந்திருப்பாங்க.”

“முப்பத்தெட்டு வரியும் வாசிக்கணுமா பாய்?”

“எதுக்கு? ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட முழுக் கணக்கும் அவங்க தபால் பெட்டில இருக்குலா. நீ நாலே தலைப்பு காட்டு. போன வருஷம் எவ்வளவு, இந்த வருஷம் எவ்வளவு. எதுல கூடிச்சோ அதுக்கு ஒரு வரி காரணம். அவ்வளவுதான்.”

மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து திரும்ப அடுக்கினார்கள். நாங்கள் கொடுத்த காசு என்ன ஆனது? எது உடைந்திருக்கிறது? இப்போது எங்களிடம் என்ன கேட்கிறீர்கள்? வருகிறவர்கள் மனத்தில் இருப்பது இந்த மூன்றுதான் என்றாள் மதலேனா. முதல் தாளில் வரவு செலவு. அடுத்ததில், பெரிய பழுதுகளுக்கென்று தனியாகச் சேர்த்து வைத்த நிதி, எட்டாயிரத்து நானூறு வெள்ளி. மூன்றாவதில், போன ஆண்டு செய்வோம் என்று சொன்னவை, செய்தவை, செய்யாதவை. நான்காவதில் மூன்று ஒப்பந்தக்காரர்கள் கொடுத்த விலை. ஐந்தாவதில் ஒரே ஒரு தீர்மானம்: விலை பத்தொன்பதாயிரத்து இருநூறு, நிதியிலிருந்து ஏழாயிரத்து இருநூறு, மீதி பன்னிரண்டாயிரம். வீட்டுக்கு ஐந்நூறு.

“ஐந்நூறுன்னு போடாதீங்க,” என்றாள் மதலேனா. “நெஞ்சு அடைக்கும். நாலு மாசம் நூத்தி இருபத்தஞ்சுன்னு போடுங்க.”

“ரெண்டையும் போடு,” என்றார் ஜமால். “பெருக்கிப் பாக்கத் தெரியாதவன் இந்தக் கட்டடத்துல இல்ல.”

இன்னும் ஒரு தாள் வெறுமையாகக் கிடந்தது. அது எதற்கு என்று மூவருக்கும் தெரியும். ஜமால் அதைப் பார்க்காமல் எழுந்து போய்விட்டார்.

கட்டணம் பாக்கி வைத்திருக்கும் வீடுகளின் எண்களைக் கூட்டத்தில் காட்ட வேண்டும் என்பது மூன்று ஆண்டுகளாக இருந்த வழக்கம். அதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தவரே அருளானந்தம்தான். இந்த ஆண்டு மூன்று வீடுகள். அதில் ஒன்று 02-05, அவருடைய வீடு. பிப்ரவரியில் கப்பல் பட்டறையில் முந்நூறு பேரை வேலையிலிருந்து எடுத்தபோது அவரையும் எடுத்தார்கள். இரண்டு தவணை, நூற்று எண்பது வெள்ளி பாக்கி. ஜமால் யாரிடமும் சொல்லவில்லை.

நாற்பத்தாறு வெள்ளி பல்புக்கே விடாதவர்கள் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள்? தன் பாக்கியைக் கட்டாதவன் நம்மிடம் ஐந்நூறு கேட்கிறான் என்பார்கள். தீர்மானம் தோற்கும். மழை வரும். அந்தக் கம்பிகளுக்குக் கீழே ஒரு குழந்தை படுத்திருக்கும்.

“மொத்தப் பாக்கின்னு ஒரே வரியா கணக்குல சேத்திருங்களேன்,” என்றாள் மதலேனா, மெதுவாக.

“வழக்கத்த மாத்தினா ஏன்னு கேப்பாங்க.”

“அப்ப ஓட்டெடுத்த பிறகு காட்டுங்க. கடைசித் தாளா.”

அதில் பொய் எதுவும் இல்லை. அருளானந்தம் அந்தத் தாளை எழுதி, ஆறாவதாக அடியில் வைத்தார். மூன்று நாள் அது அங்கேயே இருந்தது. ஞாயிறு காலைப் பூசையில் நன்மை அப்பம் வாங்கிவிட்டு மண்டியிட்டவருக்கு ஜெபம் வரவில்லை, தாள்களின் வரிசைதான் வந்தது. வீட்டுக்கு வந்ததும் ஆறாவது தாளை உருவி இரண்டாவதாகச் செருகினார். மதலேனா பார்த்தாள். அவருடைய சட்டையை இன்னொரு முறை இஸ்திரி போட்டாள்.

அன்று மாலை நான்கு மணிக்குச் சமூக மன்றத்து அறையில் கூட்டம். வந்தவர்கள் பதினைந்து பேர். பூவம்மா முன்வரிசையில் இருந்தார். பகல் ஷிஃப்டுக்குப் போன பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் தங்கள் ஓட்டையும் போடச் சொல்லிக் கொடுத்த பதிலாள் கடிதங்களை விசிறிபோல் வீசிக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு எனக்கு மூணு ஓட்டு,” என்றார் யாரையும் பாராமல். “பாத்துப் பேசுங்க.”

அருளானந்தம் ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை சொன்னார். முதல் தாள் ஏழே நிமிடத்தில் முடிந்தது. பல்பு செலவு குறைந்திருந்தது. பூவம்மாவுக்கு ஏமாற்றம்தான்.

இரண்டாவது தாளை வைத்ததும் மூன்று வீட்டு எண்கள் திரையில் பெரிதாகத் தெரிந்தன.

“ஓ-டூ ஓ-ஃபைவ்,” என்று யாரோ வாசித்தார்கள். “அது யாரு?”

“ஐயையோ, செக்ரட்டரியே கட்டலியா!” என்றார் பூவம்மா. பின்வரிசையில் சிரிப்பு. “ஊருக்கெல்லாம் நோட்டீஸ் ஒட்டுறவரு!”

“ஆமாக்கா, நான்தான்,” என்றார் அருளானந்தம். “பிப்ரவரியிலேர்ந்து எனக்கு வேலை இல்ல. பாக்கி இருக்கிறவங்களுக்கு ஓட்டு கிடையாது, அதனால இன்னைக்கு எனக்கும் இல்ல. என்னால இப்பக் கட்ட முடியாத காச நான் உங்ககிட்டக் கேக்க வந்திருக்கேன். எனக்காகக் கேக்கல. என் பாக்கிய நான் தீப்பேன்.”

சிரிப்பு நின்றது. ஆனால் அது இரக்கமா வெறுப்பா என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்த தாளை எடுத்து வைத்தார். நிதி. பழுதுகள். செய்யாதவற்றின் பட்டியலில் கூரை முதலில் இருந்தது, அதன் பக்கத்தில் ஒரு குழந்தையின் கேள்வியை அவர் கையால் எழுதியிருந்தார். அதை வாசித்தார்.

“நான் கீழ்வீடு,” என்று பூவம்மா மறுபடியும் எழுந்தார். “என் வீட்டுல ஒரு சொட்டு ஒழுகல. நான் எதுக்குக் குடுக்கணும்?”

“கூரை யாருக்கும் தனியா சொந்தமில்லக்கா. உங்க தளத்துக் கழிவுக் குழாய் அடைச்சப்ப மேல்மாடிக்காரங்களும் சேந்துதான் குடுத்தாங்க.”

பூவம்மா உட்காரவில்லை. திரும்பி, கடைசி வரிசையில் முக்காடிட்டு உட்கார்ந்திருந்த சாயிரா பானுவைப் பார்த்தார்.

“அந்தப் பொண்ணு இப்ப எங்கம்மா படுக்குது?”

சாயிராவின் குரல் தாழ்ந்தே வந்தது. “ஹால்லதான் அக்கா. சாப்பாட்டு மேசைக்கு அடியில. மேல எது விழுந்தாலும் மேசை தாங்கும்னு அவளே பாய் விரிச்சுக்கிட்டா.”

பூவம்மா உட்கார்ந்தார். “போன வருஷம் நான்தான் பல்புன்னு கத்துனேன்,” என்று தன் மடியைப் பார்த்துச் சொன்னார். பிறகு, “சீக்கிரம் அடுத்த தாளப் போடுங்க தம்பி. எட்டுப் பேருக்குக் கீழ போயிரப்போவுது.”

சீட்டு எழுதி ஓட்டெடுத்தார்கள். ஜமால் எண்ணினார். ஆதரவு ஒன்பது, எதிர்ப்பு ஏழு. பூவம்மாவின் மூன்று சீட்டுகள் மறுபக்கம் விழுந்திருந்தால் தீர்மானம் தோற்றிருக்கும். அருளானந்தம் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து ஜமால் முகம்மது ஒரு ரசீதை நீட்டினார். 02-05, நூற்று எண்பது வெள்ளி, பாக்கி இல்லை.

“யாரு பாய்?”

“சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்லா.” ஆனால் பணம் வந்தபடியே மேசைமேல் கிடந்தது. இரண்டு வெள்ளியும் ஐந்து வெள்ளியுமாகக் கசங்கிய நோட்டுகள், பூத்தொடுக்கும் ஈரம் காயாத வாழைநாரால் கட்டியிருந்தன. அருளானந்தம் அந்த நாரைப் பார்த்தார். ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அக்டோபரில் கூரை வேலை முடிந்தது. நவம்பரில் மழை பிடித்தது. நான்காவது மாடியில் ஒரு சொட்டுகூட விழவில்லை. ஜரீனா மேசைக்கு அடியிலிருந்து பாயை எடுக்க மட்டும் இன்னும் இரண்டு வாரம் ஆனது.

மறு ஆண்டு மார்ச்சில் ஈசூன் பகுதியில் ஒரு கிடங்கில் அருளானந்தத்துக்குக் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. சம்பளம் பழையதில் பாதிதான். முதல் சம்பளம் வாங்கிய மறுநாள் விடியற்காலை, பஸ்ஸுக்குக் கிளம்பிய அருளானந்தம் கீழ்த்தளத்தில் நின்றார். பூவம்மாவின் கதவுக்கு வெளியே கடைக்குப் போகும் பூக்கூடை இருந்தது. அவர் உள்ளே எதையோ தேடி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

அருளானந்தம் கூடையை மூடியிருந்த வாழையிலையைத் தூக்கி, நூற்று எண்பது வெள்ளியை மல்லிகைக்கு அடியில் வைத்தார். இலையை முன்பிருந்தபடியே மூடினார். பிறகு, செருப்புச் சத்தம் கேட்காமல் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.