அட்டையின் பின்பக்கம்

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், மெதயின் நகரத்துப் பள்ளி ஒன்றின் பாவாடைத் துணி விஷயத்தில் மாபெரும் அநீதி நிகழ்ந்துவிட்டது. அறிவித்தவர் பள்ளி நிர்வாகி டாக்டர் அரிஸ்திசாபல். அவர் யாருக்கும் ஊசி போட்டதில்லை. டை கட்டியவரையெல்லாம் டாக்டர் என்று கூப்பிட்டுப் பழகிய ஊர் அது. அறிவிப்பு திங்கட்கிழமை மின்னஞ்சலில் வந்தது. நகல் பள்ளி முதல்வருக்கு, கணக்காளருக்கு, வக்கீலுக்கு, பெற்றோர் சங்கத்துக்கு.

சீருடை ஆலையில் அதைப் படித்த நோரால்பாவுக்குக் காது மடல் சுட்டது. ஆர்டர்களைக் கவனிப்பவள் அவள். வாங்கிய துணியைப் படமெடுத்து, "நீங்கள் ஒப்புதல் தந்த அதே பச்சை" என்று பதில் போட்டாள். "எங்களிடம் உள்ள மாதிரி அட்டையில் இருப்பது வேறு பச்சை" என்றார் அவர். அவர் கையெழுத்தை இணைத்து அனுப்பினாள். அவர் நல்லெண்ணம் என்றால் என்னவென்று இரண்டு பத்தியில் விளக்கினார். இப்படியே வியாழக்கிழமை வந்துவிட்டது.

மதியம் வெட்டுப் பிரிவு எவெலியோ மாடியேறி வந்தான்.

"நோரா, வெட்டலாமா வேண்டாமான்னு மூணு மணிக்குள்ள சொல்லு. இல்லேன்னா வெட்டு மேஜையை ஆஸ்பத்திரி உடுப்புக்குக் குடுத்துடுவாங்க. பாவாடை வரிசைப் பொம்பளைங்க ரெண்டு வாரம் வீட்டுலதான்."

கிறிஸ்துமஸ் விடுமுறையிலிருந்த அந்தப் பெண்களை, "வேலை இருக்கு, வாங்க" என்று அழைத்ததே நோரால்பாதான். அந்த எரிச்சலும் சேர்ந்துகொள்ள, ஒரு பதிலைத் தட்ட ஆரம்பித்தாள். மனுஷனின் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்துப் போட்டுக் கிழித்தாள். அப்படி எடுத்துப் போடும்போதுதான் ஒரு வரி கண்ணில் பட்டது: "தடவிப் பார்த்தாலே தெரியும் அந்தக் கம்பளியின் மென்மை."

பாவாடைத் துணியில் கம்பளி ஏது?

இழுப்பறையிலிருந்து அதே மாதிரி அட்டையின் தன் பிரதியை எடுத்தாள். முன்பக்கம் ஸ்வெட்டருக்கான கம்பளி. பின்பக்கம் பாவாடைத் துணி. நான்கு நாளாக அந்த மகானுபாவர் அட்டையைத் திருப்பவே இல்லை.

"எழுது, எழுது," என்றான் எவெலியோ. "அத்தனை பேரும் பாக்கட்டும்."

"அட்டையைத் திருப்பிப் பாருங்கள்" என்று எழுதியும் விட்டாள். அப்புறம் மேலே வரிசையாக நின்ற பெயர்களைப் பார்த்தாள். இத்தனை பேர் முன்னால் அந்த ஆள் அட்டையைத் திருப்புவாரா? அட்டைக்குப் பின்பக்கமே கிடையாது என்று வக்கீலை விட்டு நிரூபிப்பார். அதற்குள் மூன்று மணி தாண்டிவிடும்.

எழுதியதை அழித்தாள். வாயில் போட்ட இனிப்பைத் துப்பியது போலிருந்தது. அவருக்கு மட்டும் எழுதினாள்: "டாக்டர், நாம் இருவரும் வேறு வேறு துணியைப் பார்க்கிறோம் என்று தோன்றுகிறது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசினால் தீர்ந்துவிடும். இரண்டரைக்கு அழைக்கலாமா? முடிவானதை நானே எல்லோருக்கும் எழுதி அனுப்பிவிடுகிறேன்."

"இறங்கிப் போயிட்டே," என்றான் எவெலியோ.

"நீ வாயை மூடிக்கிட்டு காப்பியைக் குடி."

பதில் வந்தது. எழுத்தின் புனிதம் பற்றியும் நிறுவன மரபு பற்றியும் மூன்று பத்தி. அடியில், ஒன்றும் சொல்லாமல், ஒரு தொலைபேசி எண்.

அழைத்தாள். மின்னஞ்சலில் இடிமுழக்கமாக இருந்த மனிதருக்குக் குரல் மெலிசாக இருந்தது.

"சொல்லுங்க, நோரால்பா மேடம். எனக்கு நேரம் கம்மி."

"அட்டை கையில இருக்கா டாக்டர்?"

"இருக்கு. இந்தக் கம்பளியோட பச்சை—"

"அது ஸ்வெட்டருக்கு. அட்டையைக் கொஞ்சம் திருப்புங்க."

அட்டை திரும்பும் சத்தம் கேட்டது.

"பின்னாலயும் ஒண்ணு ஒட்டியிருக்கு," என்றார்.

"ஆமா டாக்டர்."

"யாராவது சொல்லியிருக்கலாம்ல."

நோரால்பா பல்லைக் கடித்தாள். நான்கு நாள் கோபம் நாக்கு நுனியில் வந்து நின்றது. மணி இரண்டே முக்கால்.

"இப்ப சொல்லிட்டேன். இதுதானே நீங்க ஒத்துக்கிட்ட பச்சை?"

"இதேதான். படத்துல இருக்கிறதும் இதேதான்." குரல் இன்னும் இறங்கியது. "முதல்வருக்கு என்ன எழுதப் போறீங்க?"

"துணி முடிவாச்சு, இன்னைக்கே வெட்டுறோம்னு."

"பின்பக்கம் பத்தி?"

"அது எதுக்கு டாக்டர்?"

சொன்னபடியே எல்லோருக்கும் இரண்டு வரி எழுதி அனுப்பினாள். அடுத்த நிமிடமே, எல்லோருக்குமாக, டாக்டரின் பதில் வந்தது: "எனது இடைவிடாத கண்காணிப்பின் விளைவாகத் துணியின் தரம் காக்கப்பட்டது என்பதைப் பெருமையுடன் தெரிவிக்கிறேன்." வக்கீல் பாராட்டினார். பெற்றோர் சங்கம் நன்றி சொன்னது.

திரையைப் பார்த்த எவெலியோவுக்கு மூக்கு விடைத்தது. "இந்த ஆளை நீ சும்மாவா விடப்போறே?"

"போய்க் கத்தியை ஓட்டு," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். அவள் கை விசைப்பலகை மேலேயே இருந்தது. கீழே வெட்டு இயந்திரம் இரையத் தொடங்கிய பிறகுதான் கையை எடுத்தாள்.

பாவாடை பச்சை. அறிவிப்பு வந்த திங்கட்கிழமையும் அது பச்சையாகத்தான் இருந்தது.