ஆயிரத்து நூறு சதுர அடி

கப்பலில் சமையல்காரராக இருபத்தாறு வருஷம் ஓட்டியவரை அந்தத் தெருவில் எல்லோரும் ‘கப்பல்காரர்’ என்றுதான் சொல்வார்கள். அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அவர் கடலில் சம்பாதித்ததை அவள் கரையில் கட்டிக் காத்தாள். இனிமேல் கப்பல் வேண்டாம் என்று அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கையில் பதினெட்டு லட்சம் இருந்தது. சொந்தமாக ஒரு பிடி மண் இல்லை.

ஊருக்கு வெளியே, ஒரு பெரிய பாறையின் அடிவாரத்தில் மனை போட்டிருந்தார்கள். சதுர அடி ஆயிரத்து ஐந்நூறு. முப்பதுக்கு நாற்பது மனை என்றால் ஆயிரத்து இருநூறு சதுர அடி, பதினெட்டு லட்சம். அளந்து தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. தரகர் முகமெல்லாம் பல்லாக முன்பணம் எழுத அவர்களைப் பத்திரம் எழுதும் அம்மாவிடம் அழைத்துப்போனார்.

பதிவு அலுவலகத்தை ஒட்டிய சின்ன அறை. மேலே மின்விசிறி முனகிக்கொண்டிருந்தது. வில்லங்கச் சான்றை வரி வரியாகப் பார்த்து முடித்த பத்திரக்கார அம்மா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“சொத்துல வில்லங்கம் ஒண்ணும் இல்ல. பதிவுச் செலவுக்குத் தனியா எடுத்து வெச்சிருக்கீங்கல்ல?”

கப்பல்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தரகரைப் பார்த்தாள். தரகர் மின்விசிறியைப் பார்த்தார்.

“எவ்வளவு வரும்?” என்றாள் அவள்.

“முத்திரைத் தீர்வை ஏழு சதவீதம், பதிவுக் கட்டணம் ரெண்டு. பதினெட்டு லட்சத்துக்கு ஏழுன்னா ஒண்ணு இருபத்தாறு. ரெண்டுன்னா முப்பத்தாறாயிரம். ஆக ஒரு லட்சத்து அறுபத்திரெண்டாயிரம். அப்புறம் எனக்கு மூவாயிரம்.”

கப்பல்காரர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பெரிய அலையில் கப்பல் சட்டென்று இறங்கும்போது பிடிப்பாரே, அந்த மாதிரி.

தரகர் தொண்டையைச் செருமினார். “அரசாங்க வழிகாட்டி மதிப்பு அங்க ஆயிரத்து நானூறுதான். பத்திரத்துல அதையே போட்டுட்டு, மீதியக் கையில குடுத்துட்டா?”

“எது அதிகமோ அதுக்குத்தான் தீர்வை கட்டணும்,” என்றார் பத்திரக்கார அம்மா. “நீங்க குடுக்கறது ஆயிரத்து ஐந்நூறு. அதத்தான் நான் எழுதுவேன்.”

மனைவி அதற்குள் கைபேசியில் தட்டிப் பார்த்துவிட்டாள். “அப்படிப் போட்டாலும் மிச்சம் பத்தாயிரத்து எண்ணூறுதான் அண்ணே. பொய் சொல்லியும் பத்தாது. அதுக்கு உண்மையே சொல்லிட்டுப் போகலாம்.”

பத்திரக்கார அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“கடன் வாங்கிடலாமா?” என்றார் கப்பல்காரர் மெதுவாக.

“வேணாங்க. நம்ம கையில இருக்கறதுக்கு எவ்வளவு மண்ணு வருமோ, அவ்வளவு போதும்.” அவள் மறுபடி தட்டினாள். “நூத்துக்கு ஒன்பதுன்னா, ஆயிரத்து ஐந்நூறுக்கு நூத்து முப்பத்தஞ்சு. அப்போ ஒரு சதுர அடி நமக்கு ஆயிரத்து அறுநூத்து முப்பத்தஞ்சு விழுது. பதினெட்டு லட்சத்த அதால வகுத்தா…” திரையை அவரிடம் காட்டினாள். “ஆயிரத்து நூறு சதுர அடி. அண்ணே, அந்த அளவுல மனை இருக்கா?”

தரகர் தலையைச் சொறிந்தார். “கடைசியில ஒண்ணு இருக்கும்மா. ஆனா கோணல். முன்னாடி இருபது அடி, பின்னாடி முப்பத்தஞ்சு. சராசரி இருபத்தேழரை, ஆழம் நாற்பது. சரியா ஆயிரத்து நூறு. பாறைய ஒட்டினாப்புல இருக்கறதால யாரும் திரும்பிக்கூடப் பாக்கல.”

“நாங்க பாக்கறோம்,” என்றாள் அவள்.

அன்றைக்கே போனார்கள். தெரு வளைந்து முடியும் இடத்தில் இரண்டு எல்லைக் கற்கள் நெருங்கி நின்றன. உள்ளே நடக்க நடக்க இடம் இருபுறமும் விரிந்துகொண்டே போனது. கடைசியில் பாறை. தூரத்தில் இருந்து பார்த்தபோது ஏதோ மேடு என்று நினைத்த கப்பல்காரர், பக்கத்தில் வந்ததும் அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கழுத்து வலிக்கும்வரை உயர்ந்திருந்தது. அதற்கு மேலே வானம் மட்டும்தான்.

அவர் பாறையில் உள்ளங்கையை வைத்தார். வெயிலைக் குடித்துக் குடித்து அது கதகதப்பாக இருந்தது. இருபத்தாறு வருஷமாக அவர் காலுக்குக் கீழே எதுவும் சும்மா இருந்ததில்லை. அடுப்பும் பாத்திரமும் படுக்கையும் ஆடிக்கொண்டே இருக்கும். கனவும் ஆடும். இதுவோ மனுஷன் பிறப்பதற்கு முன்னாலிருந்தே இதே இடத்தில் நிற்கிறது.

“புடிக்கலையா?” என்றாள் மனைவி.

“இதுக்குப் பக்கத்துல நாம குடியிருக்கலாமா?” என்று கேட்டார். அனுமதி கேட்கிற குரலில்.

“காசு குடுத்தா இருக்கலாம்,” என்றாள் அவள். ஆனால் அவளும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

மனையின் விலை பதினாறு லட்சத்து ஐம்பதாயிரம். தீர்வை ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்து ஐந்நூறு. பதிவுக் கட்டணம் முப்பத்து மூவாயிரம். எல்லாம் சேர்த்துப் பதினேழு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரத்து ஐந்நூறு. மிச்சம் நின்ற ஆயிரத்து ஐந்நூறோடு தன் பையிலிருந்து இன்னொரு ஆயிரத்து ஐந்நூறு சேர்த்து, பத்திரக்கார அம்மாவின் கூலியைக் கொடுத்தாள் மனைவி. தரகு விற்பவர் பாடு.

பதிவுக்கு முன் பத்திரத்தை வாசித்துக் காட்டினார்கள். பெயர்கள், விலை, நான்கு எல்லைகள். கிழக்கே பாறை என்று வந்தபோது கப்பல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்திரக்கார அம்மா பழக்கப்பட்ட குரலில் வாசித்துக்கொண்டே போனார்: “…மேற்படி மனையும், அதில் உள்ள கல், மண், மரம், நீர் சகலமும், இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியமாய், சந்திர சூரியர் உள்ளவரை, தங்கள் வாரிசுகளோடு ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது…”

“கொஞ்சம் நிறுத்துங்கம்மா,” என்றார் கப்பல்காரர். “எதுவரைக்கும்?”

“சந்திர சூரியர் உள்ளவரை. எல்லாப் பத்திரத்துலயும் இருக்கற வார்த்தைதான்.”

“கப்பல்ல எனக்குப் பத்து மாசத்துக்குமேல ஒப்பந்தம் போட்டதில்ல,” என்றார் அவர்.

பத்திரக்கார அம்மா அவரை ஒரு தடவை பார்த்தார். விட்ட இடத்திலிருந்து மறுபடி வாசித்தார், இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. ஆயிரம் தடவை வாசித்ததைத் தானும் அன்றுதான் கேட்பதுபோல.

பதிவாளர் விற்றவரிடம் பணம் முழுதும் வந்ததா, சம்மதித்துத்தான் கையெழுத்துப் போடுகிறாரா என்று கேட்டார். அவர் ஆம் என்றார். புகைப்படம் எடுத்தார்கள். விரல் ரேகை வைக்கும்போது கப்பல்காரர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கண்ணாடித் தகட்டில் ரேகை இரண்டு தடவை பதியவில்லை. மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் தடவை பதிந்தது.

வேனில் ஏறியதும் அவள் வீட்டுப் பக்கம் திருப்பவில்லை.

மனைக்குப் போனபோது வெயில் இறங்கியிருந்தது. கப்பல்காரர் இரண்டு கற்களுக்கு நடுவே செருப்பைக் கழற்றி வைத்தார்.

“நம்ம இடம்தானேங்க. போட்டுக்கிட்டே வரலாம்.”

“தெரியும்,” என்றார். வெறுங்காலோடு உள்ளே போய், நடுவில் உட்கார்ந்து, பிறகு மல்லாந்து படுத்துவிட்டார். முதுகுக்குக் கீழே பூமி அசையாமல் இருந்தது. எவ்வளவு நேரம் காத்திருந்தும் அசையவில்லை. கண்ணோரத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

சமையலறை எங்கே, வாசல் எங்கே என்று காலால் கோடு இழுத்துக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள். பாறை மேல் கடைசி வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. அவளும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.