முதல் தட்டு

துறைமுகத்தில் கப்பல் ஊதினால் றஹ்மாவின் கை செய்கிற வேலையை விட்டுவிடும். மீன் கழுவிக்கொண்டிருந்தால் மீன் சட்டிக்குள் விழும். சத்தம் அடங்குவதற்குள் ஓடிப்போய் வாசற்கதவில் முதுகைக் கொடுத்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மாமா இறங்கிப் போய்விடுவார்.

மாமா என்றால் புருசன் நிப்றாஸின் வாப்பா, பக்கீர். முப்பத்தைந்து வருசம் கப்பலில் மூட்டை இறக்கிய மனுசன். போன வருசம் மூளையில் இரத்தம் கட்டி வலது கால் இழுத்துக்கொண்டது. புத்தியும் பழைய காலத்துக்குப் போய்விட்டது. கப்பல் ஊதினால் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்ற எண்ணம். சாரனை மடித்துக் கட்டி, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு படிக்குப் போவார். ஐம்பத்திநாலு படி. நடுவில் ஒரு வளைவில் கைபிடிக் கம்பியை எவனோ அறுத்துப் பழைய இரும்புக்கு விற்று ஆறு மாசம். அந்த இடத்தில் கயிறு கட்டியிருக்கிறது. உடுப்புக் காயப்போடத்தான் அது உதவும்.

கிளினிக்குக்கு அவரைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, நிப்றாஸும் பக்கத்து வீட்டுப் பொடியனும் தூக்கி இறக்குவார்கள். கம்பியில்லாத வளைவில் கதிரை ஒரு பக்கம் சரியும். றஹ்மா பின்னால் வந்தாலும் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வாள்.

நாலு மாசத்துக்கு முதல்தான் வீடமைப்புக் கந்தோரில் வீடு மாற்றும் படிவம் கொடுத்தாள். கிராம சேவகரின் கடிதம், பெரிய டொக்டரின் சான்றிதழ், வாடகை ஒப்பந்தப் பிரதி எல்லாம் வைத்தாள். ‘தற்போதைய வீடு’ என்ற பெட்டியில் ஒப்பந்தத்தைப் பார்த்து சி 3/4 என்று எழுதினாள். ‘கோரும் தளம்’ என்ற பெட்டியில் ஒன்று என்று எழுதினாள். தொடர்மாடியில் எல்லோருக்கும் நிலத்தோடு இருப்பது முதல் தட்டு. அவர்கள் இருப்பது நாலாம் தட்டு. அதற்கு மேல் மொட்டை மாடியும் காகமும்தான்.

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. சி 1/2 ஒதுக்கப்பட்டிருக்கிறது, பதினாலு நாளுக்குள் எழுத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும். நிப்றாஸ் வேலையில். றஹ்மா மாமாவுக்குச் சோறு தீத்தி, வெளியில் ஆமைப்பூட்டைப் போட்டுவிட்டுக் கந்தோருக்கு நடந்தாள். பூட்டிவிட்டுப் போகும்போதெல்லாம் குசினிக் காஸ் நினைவுதான் வரும். அன்றைக்கும் பாதி வழியிலிருந்து திரும்பிப் போய்ச் சிலிண்டரை மூடிவிட்டு வந்தாள்.

கந்தோரில் கிளாக் சசிகரன் கடிதத்தைப் பார்த்துத் திறப்பை எடுக்கப் போனவன் நின்றான்.

“அக்கா, டொக்டர் படி ஏற இறங்க ஏலாது எண்டு எழுதியிருக்கிறார். நீங்கள் ஏன் முதலாம் தளம் கேட்டனீங்கள்?”

“முதல் தட்டுத்தானே தம்பி கீழ?”

“அது உங்கட கணக்கு. கந்தோர்க் கணக்கில கீழ இருக்கிறது தரைத்தளம், பூச்சியம். ஒண்டு அதுக்கு மேல. பதினெட்டுப் படி.”

றஹ்மா படிவத்தைப் பார்த்தாள். மூன்று என்று அவள் கையால் எழுதிய வீட்டு இலக்கம் பக்கத்திலேயே இருந்தது. நாலாம் தட்டுக்கு ஏன் மூன்று என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

“டொக்டரின்ட கடிதத்தை ஒருத்தரும் வாசிக்கேல்லையா?”

“எங்கட பெரியவர் பெட்டியில இருக்கிறதைத்தான் பார்ப்பார் அக்கா. கடிதம் பைலுக்கு.”

“வேணாமெண்டு சொல்லிப்போட்டுத் திரும்பக் கேட்டால்?”

“பட்டியலில கடைசிக்குப் போவீங்கள். கீழ் வீடு கேட்டு இருபத்தொரு பேர் நிக்கினம். இருக்கிறவர் செத்தால், இல்லாட்டி விட்டிட்டுப் போனால்தான் காலியாகும்.”

அவன் சொல்லி முடிக்கவில்லை, கப்பல் ஊதியது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பூட்டியிருக்கிறது, பூட்டியிருக்கிறது என்று தனக்குச் சொன்னாள். பிறகுதான் குசினிப் பின்பக்கத்துப் பல்கனி நினைவு வந்தது. கடிதத்தை மேசையில் விட்டுவிட்டு ஓடினாள்.

தொடர்மாடியின் பின்முற்றத்தில் ஜெயரூபி நின்றாள். கீழ் வீட்டுக்காரி. அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் தட்டுப் பல்கனியில் மாமா கதிரையில் ஏறி, நல்ல காலின் முழங்காலை அரைச்சுவரில் வைத்திருந்தார்.

“பலகையைப் போடுங்கடா,” என்றார். கப்பலிலிருந்து இறங்கும் பலகை.

ஜெயரூபி கங்காணியின் குரலில் கத்தினாள். அவளுடைய தகப்பனும் துறைமுகத்தில் கிடந்த ஆள்.

“பக்கீர், பலகை இன்னும் போடேல்லை. உள்ளுக்குப் போய் இரு. போட்டாப்பிறகு கூப்பிடுறன்.” பிறகு தலையைத் திருப்பாமல், “ஓடு றஹ்மா,” என்றாள்.

ஐம்பத்திநாலு படி. பூட்டில் திறப்பு நுழையவில்லை. தலைகீழாய்ப் பிடித்திருந்தாள். உள்ளே போனபோது அவர் கதிரையிலேயே நின்றார், முழங்கால் சுவரில்.

“பலகை சுணங்குதாம்,” என்றார்.

அவரை இடுப்போடு கட்டிப்பிடித்து இறக்கியபோது அவளுடைய சட்டை முழுக்க வியர்வை. பல்கனிக் கதவில் கம்பியைச் சுற்றி முறுக்கினாள். விரல் கிழிந்ததைக் கவனிக்கவில்லை.

ஜெயரூபி மூச்சு வாங்க ஏறி வந்து வாசலில் குந்தினாள். றஹ்மா விசயத்தைச் சொன்னாள்.

“ஒண்டுக்கும் பூச்சியத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் நீயொரு பத்தாம் வகுப்புப் படிச்சனி.”

“நக்கலடியாதீங்கக்கா.”

“முதல் நீ கேட்டபோது மாறமாட்டன் எண்டனான். நாலாம் தட்டுக்கு மாற எனக்கென்ன விசரா? தண்ணி ஏறாது, காஸ் சிலிண்டரை ஆர் தூக்கிறது. ஆனால் உனக்குக் கிடைச்ச வீட்டுக்கெண்டால் ஒரு தட்டு ஏறுவன், என்ர கீழ் வீட்டை நீ எடு. பொடியள் சின்னன் எண்டுதான் எனக்குக் கீழ தந்தவங்கள். இப்ப ரெண்டும் பள்ளிக்கூடம் போகுதுகள். மாரியில கக்கூசுக்கால ஊத்தைத் தண்ணி மேல வருது. அதை உனக்கு மறைக்கேல்லை.”

“ஊத்தைத் தண்ணியில ஆரும் விழுந்து சாகமாட்டாங்கக்கா.”

மறுநாள் இருவரும் கந்தோருக்குப் போனார்கள். சசிகரன் தலையைச் சொறிந்தான். செய்யலாம், ஆனால் ஒழுங்கில் செய்ய வேண்டும். முதலில் றஹ்மா 1/2ஐ ஏற்றுக் குடிபோக வேண்டும். இல்லாத வீட்டை மாற்ற ஏலாது. பிறகு இருவரும் பரஸ்பர மாற்றத்துக்குச் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். பரிசோதகர் வந்து இரண்டு வீட்டிலும் பைப், யன்னல், மீற்றர் பார்ப்பார். மேலிடத்து அனுமதி வர மூன்று மாசம். அதற்கு முதல் சொந்தமாக இடம் மாறினால் இரண்டு பேரின் ஒப்பந்தமும் போகும்.

1/2க்குக் குடிபோன மறுநாள் மாற்றப் படிவம் நிரப்பும்போது, இந்த முறை ‘கோரும் தளம்’ பெட்டியில் றஹ்மா பூச்சியத்தைப் போட்டு, பக்கத்தில் ‘நிலத்தோடு’ என்றும் எழுதினாள். பெட்டிக்கு வெளியே போய்விட்டது. சசிகரன் அப்படியே முத்திரை குத்தினான்.

1/2க்குக் குடிவந்து ஐந்து கிழமை. பரிசோதகர் வந்து போய்விட்டார். பதினெட்டுப் படிதான். ஆனால் வாசற்கதவின் உள்பக்கமும் இப்போது ஆமைப்பூட்டு, திறப்பு அவள் கழுத்தில், பல்கனிக் கதவில் கம்பி. கப்பல் ஊதும்போதெல்லாம் ஜெயரூபியின் வார்த்தையைத்தான் சொல்லுவாள். “பலகை இன்னும் போடேல்லை மாமா.” அவரும் திரும்பிப் போய் இருப்பார்.

இன்றைக்குப் பின்னேரம் அசறுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிய ஊதியது. அவர் எழும்பித் துவாயைத் தோளில் போட்டார். றஹ்மா கதவில் முதுகைக் கொடுத்தாள்.

“பலகை இன்னும் போடேல்லை மாமா.”

அவர் அவளை உற்றுப் பார்த்தார். ஒரு வருசமாகப் பார்க்காத தெளிவு.

“நேற்றும் அதைத்தானே சொன்ன,” என்றார். பிறகு பல்கனிப் பக்கம் திரும்பி நடந்தார்.

கதவை விடுவதா, பல்கனிக்கு ஓடுவதா என்று தெரியாமல் ஒரு மூச்சு நின்றாள். பிறகு ஓடினாள். அவருக்கு முன்னால் போய், கம்பி சுற்றிய கதவில் முதுகை வைத்தாள். விட்டுவந்த வாசற்கதவு பூட்டியிருக்கிறதா என்று நினைவில்லை. கழுத்தைத் தொட்டாள். திறப்பு இருந்தது. அனுமதி வர இன்னும் ஏழு கிழமை.