கண் தெரியாமல் பார்த்த கை

என் வீட்டுக்காரர் சௌந்தரபாண்டியனுக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் ராஜபாளையத்தில் அவர் கைரேகை பார்த்த காலம் முழுவதும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பெண் பார்க்க வந்த அன்று என் கையைப் பார்த்து, "வெளிய கோவக்காரியாத் தெரிஞ்சாலும் உள்ளுக்குள்ள இளகின மனசு. அதப் புரிஞ்சுக்கிட்டவுக யாருமில்ல" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் கழுத்தை நீட்டினேன்.

பிறகு அவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. ஊருக்குத் தெரியாமல் மறைத்தார். அது மட்டும் பொய்யில் சேராதாம்! ரேகை இருக்கும் இடத்தை விரலால் தடவிக்கொண்டே, வாய்க்குப் பழகிப்போனதைச் சொல்வார். தப்பு என்று ஒருவரும் வரவில்லை. கூட்டம்தான் கூடியது. "விரலுக்கே ரேகை தெரியுது, செல்லக்கனி" என்று பூரித்துப்போனார். நானும் நம்பினேன்.

தொண்ணூற்றிரண்டில் கண் ஆபரேஷன் முடிந்து, சோடாப்புட்டிக் கண்ணாடியோடு அவர் மறுபடி உட்கார்ந்த வாரமே பங்கஜவல்லி வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அக்கா பத்மாசனியோடு ஒரே முற்றத்து வீட்டில் குடியிருப்பவள்.

"நீங்க சொன்னது அப்படியே பலிச்சிருச்சு. கூட இருந்துக்கிட்டே எங்க அக்கா பொறாமைப்படுதான்னு சொன்னீகள்லா? பேச்சையே நிறுத்திட்டேன். வர்ற வெள்ளிக்கிழம அவ மகளுக்குக் கல்யாணம். நான் போகப்போறதில்ல. இம்புட்டுக்கும் அந்தப் பிள்ளைய இடுப்புல தூக்கி வளத்தவ நான்."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். எனக்கும் தாங்கவில்லை.

"ஒனக்கு அக்கா இருக்கிறதே எனக்கு இப்பத்தாம்மா தெரியும்" என்றார் இவர். "கூட இருக்கிற ஒருத்தர் மனசுல ஒண்ணு இருக்குன்னுதான் சொல்லியிருப்பேன்." அவள் நம்பவில்லை. பொறாமை என்ற சொல்லையே அவர் வாயிலிருந்து கேட்டதாகச் சாதித்தாள். இவர் அவள் இடது கையைப் பிரித்து வெகுநேரம் பார்த்தார்.

அன்று மதியம் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. "அந்தக் கைய இன்னைக்குத்தான் பாக்கேன், செல்லக்கனி. நான் படிச்ச சாஸ்திரப்படி, அவட்ட சொன்னதுல ஒண்ணுகூட அதுல இல்ல. ஆனா அம்புட்டும் சரிங்கிறா."

மறுநாள் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று அவர் கிளம்ப, இருவரும் பஸ் ஏறி மடவார் வளாகம் போனோம். வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடும் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். அங்கே முற்றத்தின் இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. வந்த விஷயத்தை இவர் சொல்லி முடிப்பதற்குள் பத்மாசனி, "எனக்குந்தான் பாத்து சொன்னீக, தங்கச்சி மனசுல வஞ்சம் இருக்குன்னு" என்றாள். பங்கஜவல்லி வாயைப் பிளந்தாள்.

"நான் சொன்னத மொதல்ல இருந்து சொல்லுங்க பாப்போம்" என்றார் இவர்.

"எல்லாருக்கும் ஓடியாடிச் செஞ்சேன், நல்ல பேரு இல்லன்னு..." என்று பத்மாசனி ஆரம்பித்தாள்.

"மூட்டு வலி இருக்குன்னு..." என்று இழுத்தாள் பங்கஜவல்லி.

"வெளிய கோவக்காரி..." என்று அக்கா சொல்ல, "உள்ளுக்குள்ள இளகின மனசு" என்று தங்கை முடித்தாள்.

பெண் பார்க்க வந்த அன்று நான் கேட்ட அதே வார்த்தை.

"அப்ப எனக்குக் கண்ணே தெரியாது தாயி" என்றார் இவர். "நாப்பது வயசுல மூட்டு வலிக்காத பொம்பள யாரு? தனக்கு நல்ல பேரு இல்லன்னு நினைக்காதவுக யாரு? ஒருத்தர்னு நான் சொன்னேன். அந்த ஒருத்தர் யாருன்னு நீங்கதான் ஆளத் தேடிப் போட்டீக. பொறவு அவ சிரிச்சாலும் குத்தம், சிரிக்காட்டியும் குத்தம். வடக்க பயணம் உண்டுன்னும் சொல்லியிருப்பேனே, போனீகளா?"

"அது மறந்தே போச்சு" என்றாள் பத்மாசனி.

"பலிக்காதது மறந்துரும். நானும் அப்படித்தான். பலிச்சுதுன்னு வந்தவுகள மட்டும் நினைச்சுக்கிட்டு, எனக்கு எல்லாம் தெரியும்னு இருந்துட்டேன்."

"ஆனா எனக்குச் சரியாத்தான இருந்துச்சு?" பங்கஜவல்லி விடவில்லை.

"சரியாத்தான் இருக்கும். ஒங்க அக்காளுக்கும் சரியா இருந்துச்சுல்லா?"

பத்மாசனி தங்கையைப் பார்த்து, "ஏட்டி, புள்ளைக்கு வளையல் இன்னும் வாங்கல. நீ வந்தாத்தான் கடைக்குப் போவேங்கிறா" என்றாள். பங்கஜவல்லி முற்றத்தைத் தாண்டி ஓடினாள்.

திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகு உள்ளங்கையை நீட்டினேன்.

"அவியளுக்குச் சொன்னதத்தான் அன்னைக்கு எனக்கும் சொன்னீகளா?"

"ஆமா" என்றார். "எல்லாருக்கும் சொல்றதுதான்."

பொய் சொல்லத் தெரியாத மனுஷனைக் கட்டிக்கொண்டால் இதுதான் கதி. அழுகை வந்தது. அவர் என் கையைப் பார்க்கவே இல்லை. விரல்களை மடக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"எம் மேல கோவம்னா நீ ரசத்துல உப்புப் போடமாட்ட. நான் ரெண்டு வாய் சாப்பிட்ட பொறவு மனசு கேக்காம உப்புக் கிண்ணத்த எங் கைக்குப் பக்கத்துல தள்ளி வைப்ப. கண்ணு தெரியாத நாள்ல கிண்ணம் நகர்ற அந்தச் சத்தம் எப்ப வருதுன்னு காத்துக்கிட்டு இருப்பேன்."

"இது எந்த ரேகையில இருக்கு?"

"ரேகையில இல்லட்டி. ஒங் கூட இருந்து தெரிஞ்சுக்கிட்டது. இத வேற யாருட்டயாவது சொல்ல முடியுமா?"

ராஜபாளையம் வரும்வரை கையை நான் எடுக்கவில்லை.