முப்பத்தைந்து நாட்களின் விலை

பணியாணையின் ஏழாம் பிரிவு தெளிவானது. வேலையை விடுபவர் அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்துப் பணியாற்ற வேண்டும். அல்லது, நிர்வாகம் இசைந்தால், எஞ்சிய நாட்களுக்குரிய அடிப்படைச் சம்பளத்தைக் கட்டிவிட்டு முன்னதாகவே விலகலாம். மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்து மூத்த டெக்னீஷியன், 'நிர்வாகம் இசைந்தால்' என்பதை மட்டும் கண்ணால் படித்து மனத்தில் வாங்காமல் விட்டிருந்தாள்.

முதல் தேதியன்று கடிதம் கொடுத்தாள். கடைசி நாள் பத்தாம் தேதி என்று குறித்திருந்தாள். புதிய மருத்துவமனை அடுத்த மாதம் முதல் தேதிவரைதான் அவளுக்காகக் காத்திருக்கும். இடையில் இருபது நாட்கள். ஒன்பது ஆண்டுகளாக அவளுக்கும் கணவனுக்கும் ஷிப்ட் ஒத்துப்போனதே இல்லை. அந்த நாட்களை வீட்டில் சேர்ந்து கழிப்பதாக ஏற்பாடு.

பணியாளர் பிரிவு மேலாளர் கடிதத்தைப் பார்த்தார்.

"ஐம்பது நாளுக்குக் கட்டணுமேம்மா?"

"பன்னிரண்டு நாள் லீவு பாக்கி இருக்கே சார். அதைக் கழிச்சுக்கங்க."

"லீவு என்ன, கடையில சில்லறை மாத்துற மாதிரியா? அது தனிக் கணக்கு. நோட்டீஸ்ல கழிக்கணும்னா உன் லேப் மேடம் சம்மதிக்கணும். அவங்க உன் தேதிக்கே சம்மதிக்கலை."

அவள் கூடத்துத் தலைவியிடம் சென்றாள். அம்மையார் நிமிராமலே பேசினார்.

"இருபத்திரண்டாம் தேதி இன்ஸ்பெக்ஷன். உன் மெஷினோட அளவீட்டுப் பதிவெல்லாம் உனக்குத்தான் தெரியும். எனக்குப் பணம் வேணாம், ஆள்தான் வேணும். அறுபது நாளும் இருந்துட்டுப் போ."

"அப்படின்னா எனக்கு அந்தப் புது வேலை போயிடும், மேடம்."

"இங்க வேலை இருக்கே!"

அவள் மேலாளரின் அறைக்குத் திரும்பி, நெடுநேரம் நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கு வசதியான நாளையே அவள் தேதியாக எழுதியிருந்தாள். தான் விட்டுச்செல்லும் கூடத்துக்கு என்ன மிஞ்சும் என்று எண்ணியிருக்கவில்லை. பழைய கடிதத்தைத் திரும்பப் பெற்றுப் புதிதாக எழுதவில்லை. அப்படிச் செய்தால் நாட்கள் மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும். அதே கடிதத்தைச் சுட்டி ஒரு திருத்த விண்ணப்பம் எழுதினாள்: கடைசி நாள் இருபத்தைந்து. அதற்குள் ஆய்வு முடியும். இரு இளையவர்களுக்கு இயந்திரம் கற்பிக்கப்படும். மீதி முப்பத்தைந்து நாட்களின் அடிப்படைச் சம்பளத்தை இறுதிக் கணக்கில் பிடித்துக்கொள்ளலாம்.

அம்மையார் இருமுறை படித்தார்.

"இதை முதல்லயே எழுதியிருந்தா என்ன?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டார்.

கணவனைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"பத்தாம் தேதி இல்லைங்க. இருபத்தஞ்சு."

"அப்ப இருபது நாள்?"

"அஞ்சு நாள்தான்."

"சரி, விடு. அதுல ரெண்டு நாள் நான் தூங்கிடுவேன். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் சண்டைக்கு வராதே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆயினும் இழந்த பதினைந்து நாட்களை எந்தச் சம்பளத்தால் கணக்கிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கணக்குக்கு ஏழாம் பிரிவில் வழியில்லை.