முப்பத்தைந்து யூனிட்

தையல் கம்பெனியில் மதிய இடைவேளையின்போது அவள் வீட்டுக் கரண்ட் மீட்டர் ஆப்பில் எடுத்து வைத்திருந்த இரண்டு ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பார்த்தாள். பத்து நாளைக்கு முன் 4462, இன்று காலை 4577. கழித்தால் 115 யூனிட், நாளுக்குப் பதினொன்றரை. இப்படியே போனால் அடுத்த அறுபது நாள் பில்லுக்கு 690 யூனிட்தான். அதற்கு முந்தைய பத்து நாளில் 150 ஓடியிருந்ததால் 900 வருமென்று பயந்திருந்தாள்.

அப்பாடா என்றவள் உடனே மறுபடி கணக்குப் போட்டாள். பத்து நாளில் முப்பத்தைந்து யூனிட் குறைவு. வீட்டில் எதையும் குறைக்கவில்லையே! புருஷனின் ஆக்சிஜன் மெஷின் 350 வாட். பத்து மணி நேரம் நிறுத்தினால் நாளுக்கு மூன்றரை யூனிட் குறையும். அவள் வேலைக்கு வந்து போவதும் அதே பத்து மணி நேரம்தான்.

போன் போட்டாள். "மெஷின் ஓடுதா?"

"ஓடுதே..." அவருக்கு மூச்சு வாங்கியது. மெஷின் சத்தமே கேட்கவில்லை.

"பொய் சொல்லாதீங்க. போடுங்க!"

"பில்லை யார் கட்டுறது?"

"முதல்ல போடுங்க."

இரைச்சல் கிளம்பியது. கம்பெனி கேட்டைப் பூட்டிவிட்டார்கள், ஆறு மணிவரை போக முடியாது. "போனைக் கட் பண்ணாதீங்க, மெஷின் சத்தம் எனக்குக் கேட்டுட்டே இருக்கணும்" என்று சொல்லி, போனை மடியில் மறைத்துக்கொண்டு தைக்க உட்கார்ந்தாள்.