ஜன்னலில் ஒருத்தி

"சுவர் கூரை வரைக்கும் வந்துடுச்சுன்னு சொல்லிட்டேன்டா. இப்ப போட்டோ கேட்கிறாரு" என்றாள் அக்கா.

அக்காவின் கணவர், என் மாமா, படுத்து நான்கு மாதம். இனி பத்து நாள்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவர் தனக்காகத் தொடங்கிய மண்வீடு கல் அடித்தளத்தோடு நின்று, அதன்மேல் புல் முளைத்துக் கிடந்தது. கட்டடக்கலை அலுவலகத்தில் கட்டாத வீடுகளுக்குப் படம் செய்துதருவதுதான் என் பிழைப்பு. வேண்டியதை எழுதினால் கணினி படமாக்கித் தரும். ஆக, பொய்க்கு ஆளாக நான் வீட்டிலேயே இருந்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினேன்: 'திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கிய மண்சுவர், ஒன்றரை அடி தடிமன். மூங்கில் கூரை, சுவரைத் தாண்டி நான்கடி நீளும் தாழ்வாரம். ஆழமான ஜன்னல். பூச்சு இல்லாத, ஒளிவு மறைவில்லாத மண்ணின் மேற்பரப்பு. ஆட்கள் வேண்டாம்.' 'ஒளிவு மறைவில்லாத' என்று அடிக்கும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

வந்த படத்தில் மூங்கில் கால்கள் நேராக மண்ணில் புதைந்திருந்தன. படத்தைப் பார்க்க அலுவலகத்துக்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா பதறினாள். "ஐயோ, ரெண்டு மழையில கரையான் தின்னுடும். பார்த்ததும் கண்டுபிடிச்சிடுவாரு." மூங்கில் கல்லின்மேல் நிற்கட்டும், சுவருக்கடியில் இரண்டடி கல் வரட்டும் என்று சேர்த்தேன். அடுத்த படம் நன்றாக வந்தது. ஆனால் ஜன்னல் திண்டில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"ஆள் வேண்டாம்னுதானே எழுதின?"

என் தப்புதான். தினமும் இதே வேலை செய்கிறவன் செய்யக்கூடாத தப்பு. "எழுத்துல 'வேண்டாம்'னு போட்டா பல நேரம் அதுக்குக் காது கேட்காதுக்கா. பேரைச் சொன்னதும் கொண்டுவந்து வச்சிடும். வேண்டாததை எழுத தனிக் கட்டம் இருக்கு."

அக்கா அந்தப் பெண்ணையே பார்த்தாள். அந்தத் திண்டு இரண்டு பேர் உட்கார்வதற்கென்று மாமா அளந்தது. "எடுத்துடு" என்றாள். 'ஆட்கள்' என்பதைத் தனிக் கட்டத்துக்கு மாற்றினேன். ஜன்னல் காலியானது.

சாயங்காலம் மடிக்கணினியை மாமாவின் மடியில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு அக்காவிடம், "கொஞ்சம் வெந்நீர் போட்டுட்டு வா" என்றார். அவள் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், பலகைக் கம்பி ஓட்டை எங்கடா?"

மண்ணை இடிக்கும்போது இரண்டு பக்கப் பலகையும் விலகாமல் இருக்க, குறுக்கே கம்பி கோப்பார்கள். கம்பியை உருவினால் சுவரில் வரிசையாக ஓட்டை நிற்கும். முப்பது வருஷம் அந்த ஓட்டைகளை அடைத்த மனுஷனிடம் நான் கதை விட்டிருக்கிறேன்.

"மாமா, அக்காதான்..."

"தெரியும். அவகிட்ட சொல்லாத. எப்படி எழுதி வாங்குற? காட்டு."

காட்டினேன். எழுத்தில் 'வேண்டாம்' என்றால் வந்துவிடும், அதற்குத் தனிக் கட்டம் என்பதையும் சொன்னேன். அவர் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார், நான் அடித்தேன். கம்பி ஓட்டைகள். ஒரே நிறமாக இல்லாமல், கலவைக்குக் கலவை மாறும் மண் வரிகள். பலகை மூட்டு பதிந்த கோடு. "இப்பதான் சுவர். முன்ன இருந்தது கேக்கு." சிரித்தார், இருமினார். "ஜன்னல்ல உங்க அக்காவை உட்கார வை. பின்னல், நீலப் புடவை."

"நீங்க?"

"வேண்டாம்னா வந்துடும்னு சொன்னியே. என்னையும் வேண்டாம்னு எழுதேன். வர்றேனான்னு பார்ப்போம்."

எழுதினேன். அழுதுகொண்டேதான் எழுதினேன். 'அருகே அவள் கணவன் வேண்டாம்.'

வந்தான். நீலப் புடவைக்காரி பக்கத்தில் தோள் பெருத்த, நன்றாகச் சாப்பிடுகிற ஒருத்தன்.

மாமா உற்றுப் பார்த்தார். "யாருடா இவன், என் வீட்டுல?" சிரிக்கப் போனார், முடியவில்லை. "எடுத்துடு மச்சான்."

கணவனைத் தனிக் கட்டத்துக்கு மாற்றினேன். வீடு அப்படியே இருந்தது, ஓட்டைகளும் வரிகளும் நிழல் விழும் தாழ்வாரமும். ஜன்னலில் அவள் மட்டும் இருந்தாள்.

அக்கா டம்ளரோடு வந்துவிட்டாள். மூட எனக்கு நேரமில்லை. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. ஆனாலும் கேட்டாள்.

"ஏங்க, நான் மட்டும் இருக்கேன்?"

"போட்டோ எடுத்தது நானாச்சே" என்றார் மாமா.

அக்கா வெந்நீரை ஆற்றத் தொடங்கினாள். ஆறிய பிறகும் ஆற்றிக்கொண்டே இருந்தாள்.